ஆடி விருந்தில் மொய் எழுதியவர்களுக்கு: உங்கள் பணம் எங்கே போனது

மொய் எழுதிய உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஆடியில் ஆலங்குடிப் பக்கம் நாம் வைத்த மொய் விருந்துக்கு நேரில் வந்து சாப்பிட்டு எழுதியவர்கள் உண்டு. திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போனிலேயே பணம் போட்டுவிட்டு, "என் பேரையும் நோட்டுல எழுதிடுங்க" என்று சொன்னவர்களும் உண்டு. எல்லோருக்கும் முதலில் நன்றி. ஆறு மாதம் ஓடிவிட்டது. கணக்குச் சொல்ல வேண்டிய நேரம் இது.

நம் பக்கத்து மொய் விருந்தின் முறை உங்களுக்குத் தெரியும். ஆடியிலும் ஆவணியிலும் பத்து, பதினைந்து பேர் சேர்ந்து பத்திரிகை அடித்து, கறி விருந்து வைத்து, ஆளுக்கொரு நோட்டோடு உட்காருவார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும்வரை அது கடன்தான். அந்தக் கடன் மறக்கக் கூடாது என்பதற்காகவே நோட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம். இந்த விருந்தில் நீங்கள் எழுதியது அப்படித் திரும்பி வராத மொய். தெரிந்தேதான் எழுதினீர்கள். ஆனால் நோட்டு என் வீட்டில் இருக்கிறது, உங்கள் பேர் அதில் இருக்கிறது. பணமாகத் திருப்ப முடியாத இடத்தில் கணக்காகவாவது திருப்ப வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதைத் தனித்தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மடலாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. பத்திரிகையில் நாங்கள், "சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் இன்சுலினுக்காக" என்று அடித்திருந்தோம். நீங்களும் இன்சுலினுக்கு என்று நினைத்துத்தான் கொடுத்தீர்கள். ஆனால் செலவான பணத்தில் இன்சுலினுக்குப் போனது மிகச் சிறிய பங்கு. இதைக் கேள்விப்பட்டு மூன்று பேர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள். ஒரு அண்ணன், "இன்சுலினுக்குன்னு வாங்கி வேற எதுக்கோ செலவு பண்ணீங்களாமே" என்றார். கேட்டது நியாயம். கேட்காமல் மனசுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மொத்த மொய் 3,12,400 ரூபாய். ஆடும் அரிசியும் இரண்டு வீட்டார் கொடுத்துவிட்டார்கள், மண்டபத்துக்கு வாடகை வாங்கவில்லை. சமையல்காரர் கூலி, மளிகை, கேஸ், இலை, பந்தல் எல்லாம் சேர்த்து 41,300 ஆனது. அதை மொய்யிலிருந்துதான் எடுத்தோம். மீதி 2,71,100 ரூபாய்தான் பதினான்கு குழந்தைகளுக்கான பணம்.

இந்தப் பதினான்கு பேருக்கும் இருப்பது நம் அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் வருகிற சர்க்கரை நோய் அல்ல. இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இதை டைப் 1 என்கிறார்கள். மாத்திரை கேட்காது, பத்தியம் கேட்காது, நடைப்பயிற்சி கேட்காது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். 1922-ல் முதன்முதலாக ஒரு பையனுக்கு இன்சுலின் போடும்வரை இந்த நோய் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற உலகத்தில் எவராலும் முடியவில்லை. என் மகளுக்கு ஏழு வயதில் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள், பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தாள். கொல்லையில் அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு வரிசை கட்டியதைப் பார்த்துத்தான் என் மாமியார், "இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். இந்தக் கணக்கை நான் பார்ப்பதற்குக் காரணம் அவள்தான்.

இப்போது இன்சுலின் விஷயத்துக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையில் இன்சுலின் பாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் வாங்கினாலும், இந்தக் குழந்தைகள் போடுகிற சாதாரண வகை பாட்டில் எங்களுக்கு 165 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு பாட்டிலில் 400 யூனிட். பத்து வயதுப் பையன், 28 கிலோ எடை, ஒரு நாளைக்கு 25 யூனிட் போடுகிறான் என்று வையுங்கள். மாதம் 750 யூனிட். இரண்டு பாட்டில், 330 ரூபாய்.

அந்த 25 யூனிட்டைக் காலையில் எவ்வளவு, மதியம் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? காலையில் சுகர் 90 என்றால் ஒரு அளவு, 310 என்றால் வேறு அளவு. பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடிய நாளில் குறைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டியிருக்கும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்காமல் போடுகிற ஊசி, கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போலத்தான். அப்படிப் பார்ப்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரிப் வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தினால் அதோடு முடிந்தது. ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள டப்பாவை மொத்தமாக வாங்கியதில் எங்களுக்கு 750 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, உடம்பு சரியில்லாத நாளுக்குக் கூடுதலாகப் பத்து என்று வைத்தால் மாதம் நூறு ஸ்ட்ரிப், 1,500 ரூபாய். மருந்து 330, மருந்தை அளந்து போட உதவுகிற தாள் 1,500. இலவசமாகக் கிடைப்பது இன்சுலின். கையைக் கடிப்பது ஸ்ட்ரிப்.

கூலி வேலைக்குப் போகிற வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஊசியை விடமாட்டார்கள், விட்டால் பிள்ளை போய்விடும் என்று தெரியும். ஸ்ட்ரிப்பை விட்டுவிடுவார்கள். விருந்துக்கு முன்னால் நாங்கள் விசாரித்தபோது, பதினான்கு வீட்டில் ஒன்பது வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவைதான் சுகர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினம் ஒரே அளவு ஊசி, சுகர் எவ்வளவு என்றே தெரியாமல்.

அதனால்தான் பணத்தை அங்கே திருப்பினோம். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு மாதத்துக்கு ஸ்ட்ரிப் மட்டும் 1,26,000 ரூபாய். சிரிஞ்ச், ஒரு குழந்தைக்கு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் 17,640. இன்சுலின், ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாத நாளில் கொடுக்க இருபது பாட்டில் வாங்கி வைத்தது, 3,300. மெஷின், மூன்று மாதச் சராசரி சுகர் பரிசோதனை, மண்பானை, தூரத்து ஊர்க்காரர்களுக்கு பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து 27,900. ஆக 1,74,840. பத்திரிகையில் "இன்சுலினுக்காக" என்று அடித்தது எங்கள் தவறு. "ஸ்ட்ரிப்புக்காக" என்று அடித்தால் யாருக்கும் புரியாது என்று நினைத்தோம். புரிய வைத்திருக்க வேண்டும்.

கணக்கில் வராத ஒரு செலவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் வழக்கமான சிரிஞ்ச் கிடைக்கவில்லை என்று ஒரு மருந்துக் கடையிலிருந்து இருநூறு சிரிஞ்ச் அவசரமாக வாங்கினோம். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. மூடி மட்டும் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. நான் அதைக் கவனிக்கவில்லை.

இந்தக் குழந்தைகள் போடுகிற இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கானது. அந்த சிரிஞ்சில் 10 என்ற கோடு வரைக்கும் நம் பாட்டிலிலிருந்து இழுத்தால் உள்ளே வருவது மில்லியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது வெறும் 4 யூனிட். அம்மா 10 போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், பிள்ளைக்குப் போனது 4.

வடகாடு பக்கத்தில் ஒரு வீட்டில் நான்காம் வகுப்புப் பையன். அவன் அம்மா இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "அக்கா, ஊசி கரெக்டாத்தான் போடுறேன். நேத்து 380, இன்னைக்குக் காலைல 420. சாப்பாடும் மாத்தலை." முதலில் இன்சுலின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு பாட்டில் மாற்றச் சொன்னேன். மதியமும் 400-க்கு மேல். சாயங்காலம் நேரில் போனேன். அந்த அம்மா ஊசி இழுக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கையில் இருந்த ஆரஞ்சு மூடி கண்ணில் பட்டது. அன்று ராத்திரியே பதினான்கு வீட்டுக்கும் போன் போட்டு, மூடி நிறம் பார்க்கச் சொல்லி, ஐந்து வீட்டிலிருந்து திரும்ப வாங்கினோம். யாருக்கும் மோசமாகவில்லை. இதே தவறு தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்ப் பிள்ளை மயங்கி விழுந்திருக்கும். அந்த இருநூறு சிரிஞ்சின் விலை 1,400 ரூபாயை நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டுக் கட்டிவிட்டோம், உங்கள் மொய்யில் கை வைக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தவறு தெரிய வந்ததே ஸ்ட்ரிப்பால்தான். பழையபடி வாரம் ஒரு தடவை பார்க்கிற வீடாக இருந்தால், ஐந்தாறு நாள் கழித்து அந்தப் பையன் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, வாயில் பழ வாடை அடிக்கிற நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். ஒரு ஸ்ட்ரிப்புக்கான உங்கள் 15 ரூபாய் ஒவ்வொன்றும் செய்கிற வேலை இதுதான்.

அதே வீட்டில் நான் பார்த்த இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அங்கே ஃபிரிட்ஜ் கிடையாது. அடுப்படி மூலையில், ஈர மணல் பரப்பிய பெரிய பானைக்குள் சின்னப் பானை. சின்னப் பானைக்குள் தண்ணீர் படாத மூடி போட்ட டப்பா, அதற்குள் இன்சுலின் பாட்டில். மணலில் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிப்பது அந்தப் பையனின் வேலை. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் பானைக்குள் கை வைத்தால் சில்லென்று இருக்கும். திறந்த பாட்டிலை இதில் வைத்து நாலு வாரம்வரை பயன்படுத்தலாம். ஃபிரிட்ஜ் இருக்கிற இரண்டு வீட்டில்தான் எங்களுக்குத் தலைவலி வந்தது. நல்லா குளிரட்டும் என்று மேலே ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலினைத் திரும்ப இளக்கினாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

பானைக்கு மேலே ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். நாம் மொய் எழுதுகிற அதே நோட்டு. பேர் எழுதுகிற இடத்தில் தேதி, தொகை எழுதுகிற இடத்தில் சுகர். பல பக்கத்தின் ஓரத்தில் காய்ந்த ரத்தப் பொட்டு, குத்திய விரலோடு பக்கம் புரட்டியது. ஒரு வரியில் "ராத்திரி 3 மணி – 54" என்று இருந்தது. கேட்டேன். முன்பெல்லாம் ராத்திரி எழுந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாராம், வேர்த்திருந்தால் பயம். அன்றைக்கு வேர்த்திருந்தது, மெஷினில் பார்த்தார், 54. எழுபதுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, திரும்பப் பார்த்தார். அடுத்த வரியில் "3.15 – 88". அதற்கு அப்புறம்தான் படுத்திருக்கிறார். அந்த இரண்டு வரிக்கு ஆன செலவு முப்பது ரூபாய். அந்த முப்பது ரூபாயை எழுதியவர் யார் என்று மொய் நோட்டில் தேடினால் உங்களில் யாரோ ஒருவர்தான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மூன்று மாதச் சராசரி சுகரை இரண்டு தடவை பார்த்தோம். பதினான்கில் ஒன்பது பேருக்குக் குறைந்திருக்கிறது, மூன்று பேருக்கு அப்படியே இருக்கிறது, இரண்டு பேருக்கு ஏறியிருக்கிறது. ஏறிய இரண்டில் ஒரு பையன் பருவ வயதில் இருக்கிறான். அந்த வயதில் இன்சுலின் தேவை கூடும் என்கிறார் டாக்டர், அளவை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று பதிமூன்று வயதுப் பெண். அவள் நோட்டில் எல்லாம் அழகாக இருந்தது. 110, 125, 130, 115. சராசரிப் பரிசோதனை மட்டும் வேறு மாதிரி சொன்னது. நோட்டைத் திரும்பப் பார்த்தால், ஏறக்குறைய எல்லா எண்ணும் 0-விலோ 5-லோ முடிந்திருந்தது. ஒரு பக்கத்தில்கூட ரத்தப் பொட்டு இல்லை, ஒரே பேனா, ஒரே சாய்வு. மெஷின் தனக்குள் சேமித்து வைத்திருந்த எண்கள் 290, 340 என்று இருந்தன. பல நாள் பார்க்கவே இல்லை. திட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றலாம். எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் சொன்னது ஒரே வரி: "கூட இருந்தா அம்மா அழுவாங்க." அன்றிலிருந்து பதினான்கு வீட்டிலும் ஒரு பேச்சு பேசி வைத்திருக்கிறோம். எண் எதுவானாலும் பிள்ளையை ஏசக் கூடாது, அடுத்த ஊசியை எவ்வளவு போடலாம் என்பதை மட்டும் பேச வேண்டும். அவளுடைய மீதி ஸ்ட்ரிப் வீணாகவில்லை, பெட்டியில் பத்திரமாக இருந்தது. இப்போது நோட்டில் 287 என்று எழுதுகிறாள். எனக்கு அந்த 287 பிடித்திருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி, "கையில் ஒட்டுகிற சென்சார் வாங்கிக் கொடுக்கலாமே அக்கா, குத்தவே வேண்டாமே" என்று எழுதியிருந்தார். நல்ல பொருள்தான், ஆசையும் இருக்கிறது. ஒன்று பதினான்கு நாள்தான் வேலை செய்யும், விலை நான்காயிரத்துக்கு மேல். பதினான்கு பேருக்கும் போட்டால் நீங்கள் கொடுத்த மொத்தப் பணமும் இரண்டரை மாதத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளைகள் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

குழந்தைகளின் போட்டோ அனுப்பச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். அனுப்ப மாட்டோம், மன்னிக்க வேண்டும். பதினான்கில் எட்டுப் பேர் பெண் பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் ஊசி போடுகிற வீடுகள் இருக்கின்றன, நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வருமே என்ற பயம். அந்தப் பயம் தப்பு என்று அவர்களிடம் நான் தினம் வாதாடுகிறேன். வாதாடி ஜெயிக்கும்வரை அவர்கள் முகத்தை வெளியே காட்ட எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு வந்தால் பில்லும் வங்கிப் புத்தகமும் காட்டுகிறேன். எல்லாம் ஒரே கோப்பில் தேதி வாரியாக இருக்கிறது.

கையில் இருப்பது 96,260 ரூபாய். மாதம் ஸ்ட்ரிப்புக்கும் சிரிஞ்சுக்கும் 23,940 வேண்டும். இந்தப் பணத்தில் மார்ச், ஏப்ரல், மே, ஜூன் நான்கு மாதம் ஓடும், 500 ரூபாய் மிஞ்சும். அடுத்த ஆடி விருந்துப் பணம் ஆகஸ்டில்தான் கைக்கு வரும். நடுவில் ஜூலை ஒரு மாதம் இடிக்கிறது. ஒரு வழி, மே மாதப் பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிப்பைக் குறைத்து ஜூலைக்கு மிச்சம் பிடிப்பது. அதை டாக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். விடுமுறையில்தான் சாப்பாடும் விளையாட்டும் தாறுமாறாகும் என்றார். அதனால் ஜூலைக்கான 23,440 ரூபாயைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது. உங்களில் யாருக்காவது பிறந்தநாளோ வீட்டு விசேஷமோ ஜூனில் வந்தால் ஒரு டப்பா, 750 ரூபாய், அதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே எழுதியவர்கள் இதைக் கடமையாக நினைக்க வேண்டாம். புதுநடையாக எழுத யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பத்திரிகையில் "ஸ்ட்ரிப்புக்காக" என்றே அடிக்கப் போகிறோம். அதற்குக் கீழே அது என்ன என்று இரண்டு வரியும் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மொய் நோட்டை வைத்திருப்பவள்